தாமத டெலிவரி: கடுமையான விமர்சனத்திற்குப் பதில் எழுதுவது எப்படி?

கூகுள் மேப்பில் உங்கள் கடைக்கு ஒருவர் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்துத் திட்டி எழுதிவிட்டால், அதை நீங்கள் அழித்திட முடியாது. பதில் எழுதலாம். அந்தப் பதில் அனைவர் கண்ணிலும் படும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். வானூரில் ஒருவர் மரக்காணம் உப்பைப் பாக்கெட் போட்டு வெளியூர்களுக்கு அனுப்புகிறார் என வைத்துக் கொள்வோம். 2024 நவம்பர் 25ல் ஓர் ஆர்டர் வருகிறது. 5 நாளில் தருவதாகச் சொல்கிறார். நவம்பர் 30ல் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பார்சல் டிசம்பர் 9ல்தான் போய்ச் சேருகிறது. "14 நாள் ஆயிற்று. போனையும் எடுக்கவில்லை. ஏமாற்று வேலை" என்று விமர்சனம் வருகிறது.

"புயல் அடித்தது தெரியாதா?" என்று எழுதத்தான் கை துடிக்கும். ஆனால் நவம்பர் 29 வரை பார்சல் கடையிலேயே கிடந்தது. அதற்குப் புயல் காரணமல்ல. தாமதத்தைப் போனில் சொல்லாததும் கடைக்காரர் தவறே. எனவே முதலில் தேதிகளைச் சரி பார்த்திடுங்கள். பதிலை நோட்பேடில் டைப் செய்து, கோபம் ஆறியபின் மீண்டும் படித்துப் பாருங்கள். இப்படி அமையலாம்:

"வணக்கம். 5 நாளில் தருவதாகச் சொன்ன பார்சல் 14 நாளில் கிடைத்தது. தவறு எங்களுடையது. ஆர்டரை உடனே அனுப்பாமல் வைத்திருந்தோம். பிறகு புயலால் மேலும் தாமதமாயிற்று. உங்களுக்குத் தகவல் சொல்லாததற்கு மன்னிக்கவும். இப்போது ஆர்டர் வந்த மறுநாளே கூரியரில் கொடுத்து விடுகிறோம். கடை எண்ணில் அழைத்தால் டெலிவரி கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம்."

"ஏமாற்று வேலை" என்ற சொல்லுக்கு இதில் பதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதிகளே அதற்குப் பதில். வாடிக்கையாளரின் போன் எண், முகவரி, ஆர்டர் விவரம் எதையும் எழுதக் கூடாது. விமர்சனத்தை நீக்கினால் பணம் தருகிறேன் என்பதும் கூடாது; கூகுள் விதிகள் அதைத் தடை செய்கின்றன. மறுநாளே அனுப்ப முடியாது என்றால் அந்த வரியையும் எழுதாதீர்கள். அடுத்த விமர்சனம் அதைச் சுட்டிக் காட்டும்.

கடையை கூகுளில் பதிந்து, உரிமையாளர் என உறுதி செய்திருந்தால்தான் பதில் எழுத முடியும். அந்த ஜிமெயில் கணக்கில் நுழைந்து, கூகுளில் கடையின் பெயரைத் தேடுங்கள். Read reviews என்பதில் கிளிக் செய்து, குறிப்பிட்ட விமர்சனத்தின் கீழ் Reply என்பதைத் தேர்ந்தெடுத்து, நோட்பேடில் உள்ளதை Ctrl+C, Ctrl+V மூலம் ஒட்டி அனுப்பிடுங்கள். உடனே தெரியாவிட்டால் மீண்டும் அனுப்ப வேண்டாம். கூகுள் சரி பார்த்தபின் வெளியாகும். பிழை இருந்தால் பின்னர் திருத்தலாம்.

Report review என்ற வசதியும் உண்டு. ஆபாசம், பொய்க் கணக்கு போன்ற விதிமீறலுக்கே அது உதவும். தாமதம் பற்றிய உண்மையான புகாரை அதன் மூலம் நீக்க முடியாது. ஆனால் எழுதியவர் நினைத்தால் தன் விமர்சனத்தைத் தானே மாற்றலாம். கட்டணம் உண்மையிலேயே திரும்பக் கிடைத்தால், சிலர் மாற்றுவதும் உண்டு.