கோடில்லாத இடத்தில் சரிவு

1:50,000 அளவுத் தலப்படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். சம உயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர் என்போம். இரு கோடுகள் ஒரு மில்லிமீட்டர் தொலைவில் நின்றால், 50 மீட்டருக்குள் 20 மீட்டர் ஏற வேண்டும்; கடுஞ்சரிவு. இரண்டு சென்டிமீட்டர் விலகினால் அவ்வேற்றம் ஒரு கிலோமீட்டரில் பரவும்; மென்சரிவு.

கோட்டு வளைவின் முனை உயர்ந்த எண்ணை நோக்கினால் பள்ளத்தாக்கு. தாழ்ந்த எண்ணை நோக்கினால் மலைமுனைப்பு. எண்ணைப் பாராமல் நான் முதலில் மாற்றிச் சொன்னேன்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கோடுகளே அரிது. அதனால் நிலம் முழுச்சமம் என்று முடிவுகட்டலாகாது. சிறு சரிவுகள் இரு கோடுகளுக்கிடையே மறைந்துவிடும். அங்கே ஏரிகளைப் பாருங்கள். தாழ்ந்த பக்கத்தில்தான் கரை கட்டுவர். கரையில்லாத பக்கமே மேடு.