பயிற்சிக்கு அனுப்பும்போது எழுதும் பொண்ட்: கையொப்பம் போடுமுன் பார்க்க வேண்டியவை

எங்கள் தோட்டங்களில் சாதாரண தரம், உயர்தரம் படித்த பிள்ளைகளைக் கம்பனிகளும் நிறுவனங்களும் தங்கள் செலவில் பயிற்சிக்கு அனுப்புகின்றன. அப்படி அனுப்பும்போது கந்தோரில் ஒரு கடதாசியை நீட்டுவார்கள். பயிற்சி முடிந்து இத்தனை வருடம் எங்களிடமே வேலை செய்ய வேண்டும், இடையில் விட்டுப் போனால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். இதைத்தான் நாம் பொண்ட் என்கிறோம். பிணைமுறி என்றும் எழுதுவார்கள்.

பொண்ட் எழுதுவதே அநியாயம் என்று சிலர் வாதாடுகிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. காசு போட்டுப் படிப்பித்தவர், அடுத்த மாதமே ஆள் வேறு இடத்துக்குப் போய்விட்டால் நட்டப்படத்தான் செய்வார். அந்த நட்டத்தைக் கேட்க அவருக்கு நியாயம் உண்டு. ஆனால் நட்டத்தைக் கேட்பது வேறு, ஆளைக் கட்டிப் போடுவது வேறு. எந்தப் பொண்ட் எந்த வகை என்பதை அதிலுள்ள வாசகங்களை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

ஓர் உதாரணம் சொல்லுகிறோம். தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் ஒரு தம்பியை 6 மாத மின்சாரப் பராமரிப்புப் பயிற்சிக்குக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த கடதாசியில், "பயிற்சி முடிந்து 5 வருடத்துக்குள் விலகினால் 5 இலட்சம் ரூபாய் தண்டமாகக் கட்ட வேண்டும்" என்று ஒரே வரி. அம்மா ஒரு பிணையாளர், மாமா இன்னொருவர். இந்த வரிப்படி தம்பி முதல் வாரம் போனாலும் 5 இலட்சம், நாலு வருடமும் பதினொரு மாதமும் உழைத்துவிட்டுப் போனாலும் அதே 5 இலட்சம்தான். பயிற்சிக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்று கடதாசியில் எங்கேயும் இல்லை.

இப்படி எழுதுவது கம்பனிக்கும் நல்லதல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒப்பந்தத்தை மீறினால் கட்ட வேண்டும் என்று எழுதிய தொகை நியாயமான நட்டஈடா, வெறும் பயமுறுத்தும் தண்டமா என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழும். இந்தக் கேள்வி எங்கள் தேயிலையோடேயே பழைய தொடர்பு உள்ளது. தேயிலை விளைச்சலை முதலில் தனக்குத் தராமல் பிறருக்கு விற்றால் 500 பவுண் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் பற்றி, இலங்கையிலிருந்து போன வழக்கொன்றில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1912இல் தீர்ப்புக் கொடுத்தது. அங்கே நட்டத்தை முன்கூட்டிக் கணக்குப் பார்ப்பது கஷ்டம், பேசிய தொகையும் அளவு மீறியதல்ல என்பதால் அந்த 500 பவுண் செல்லும் என்றார்கள். கடதாசியில் "நட்டஈடு" என்று எழுதினாலும் "தண்டம்" என்று எழுதினாலும் பெயர் மட்டும் விஷயத்தைத் தீர்க்காது. ஒப்பந்தம் எழுதிய நேரத்தில், வரக்கூடிய நட்டத்தோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை மிதமிஞ்சியதா என்றுதான் பார்ப்பார்கள். பயிற்சிச் செலவோ ரசீது வைத்து ரூபாய் கணக்கில் சொல்லக்கூடியது. அப்படியிருக்கச் செலவைப் போல மூன்று மடங்கு கேட்டால் அதைத் தண்டம் என்று சொல்ல நல்ல இடமிருக்கிறது.

சரி, அந்தத் தம்பியின் பொண்டை எப்படித் திருத்துவது? முதலில் செலவை எழுத வேண்டும். பயிற்சிக் கட்டணம் 84,000, விடுதி மாதம் 8,000 வீதம் 6 மாதத்துக்கு 48,000, பரீட்சைக்கும் புத்தகத்துக்கும் 12,000 என்று வைப்போம். மொத்தம் 1,44,000 ரூபாய். ரசீதுப் பிரதிகளைப் பொண்டோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். தோட்டத்திலேயே மூத்த மெக்கானிக் ஒரு வாரம் வேலை காட்டிக் கொடுத்ததையெல்லாம் செலவில் சேர்க்கப் பார்ப்பார்கள். அது எந்தப் புதிய ஆளுக்கும் செய்கிற வேலை, அதைச் சேர்க்க விடக்கூடாது என்பது எங்கள் அபிப்பிராயம்.

அடுத்தது காலம். ஆறு மாதப் படிப்புக்கு 5 வருடம் அதிகம், 24 மாதம் போதும். 1,44,000ஐ 24ஆல் பிரித்தால் மாதத்துக்கு 6,000. தம்பி வேலை செய்யும் ஒவ்வொரு மாதமும் கடனில் 6,000 கழிந்துகொண்டே போகும். 15 மாதம் முடிந்து விலகினால் மீதி 9 மாதம், கட்ட வேண்டியது 54,000. கம்பனியும் 15 மாதம் அவருடைய திறமையால் பயன் பெற்றிருக்கிறதல்லவா? வாசகத்தை இப்படி எழுதலாம்:

"பயிற்சி முடிந்து வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் ஊழியர் தம் விருப்பப்படி விலகினால், இணைப்பில் காட்டிய 1,44,000 ரூபாயில், சேவை செய்த ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 6,000 ரூபாய் கழித்து மீதியைச் செலுத்துவார். மீதியை மாதம் 6,000 ரூபாய்க்கு மேற்படாத தவணைகளில் கட்டலாம்."

"தம் விருப்பப்படி" என்ற இரண்டு சொல்லில்தான் முக்கியமான பாதுகாப்பு இருக்கிறது. அது இல்லாவிட்டால், நிர்வாகமே ஆளைக் குறைத்து அனுப்பினாலும், படித்து வந்த பிறகு சொன்ன வேலையைக் கொடுக்காவிட்டாலும், தீராத வருத்தத்தால் வேலை செய்ய முடியாமல் போனாலும், பணம் கேட்கலாம் என்று அர்த்தம் வந்துவிடும். இந்த மூன்று சந்தர்ப்பத்திலும் எதுவும் கட்டத் தேவையில்லை என்று தனி வரியாகவே எழுதச் சொல்லுங்கள். பிள்ளைப் பேற்று லீவும் சேவை மாதமாகவே எண்ணப்படும் என்று சேர்ப்பது பெண் பிள்ளைகளுக்கு மிக அவசியம்.

இனிப் பிணை நிற்கும் அப்பா அம்மா கவனிக்க வேண்டியது. பொதுவாகப் பணம் கட்ட வேண்டியவரிடம் முதலில் கேட்டு, அவரிடம் கிடைக்காவிட்டால்தான் பிணையாளரிடம் வரவேண்டும். ஆனால் அச்சடித்த பொண்ட்களில், பிணையாளர் அந்தச் சலுகையைக் கைவிடுகிறார் என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்து வைத்தால் மகனைத் தேடாமல் நேரே உங்களிடமே கேட்கலாம். அந்த வரியை வெட்டச் சொல்லலாம். அதோடு, பிணை மேலே சொன்ன குறைந்து போகும் மீதிக்கு மட்டுமே என்று எழுத வேண்டும். பதினெட்டு வயது முடியாத பிள்ளையைத் தனியாகக் கையொப்பம் வைக்கச் சொன்னால், "பெற்றோர் வரட்டும்" என்று சொல்லி நிறுத்துங்கள்.

பணம் பிடிக்கும் விதத்திலும் சிக்கல் உண்டு. "விலகினால் சேமலாப நிதியிலும் சேவைக்காலப் பணத்திலும் கழித்துக்கொள்வோம்" என்று எழுதியிருந்தால் ஏற்க வேண்டாம். சேமலாப நிதி கம்பனியின் கையில் இருக்கும் பணமல்ல. சேவைக்காலப் பணத்தை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, மோசடி, கையாடல், வேண்டுமென்றே உடைமைக்குச் சேதம் செய்தது போன்ற காரணத்துக்காகவே மறுக்கலாம். வேறு வேலை தேடிப் போவது அந்தக் கணக்கில் வராது. மூல சான்றிதழ்களை ஈடாக வாங்கி அலுமாரியில் பூட்டுவதும் வேண்டாம், உறுதிப்படுத்திய பிரதியே அவர்களுக்குப் போதும்.

பொண்ட் மீறினால் பொலிசில் பிடித்துக் கொடுப்போம் என்று பயமுறுத்துவதையும் கேள்விப்படுகிறோம். இது பணக் கொடுக்கல் வாங்கல், குற்றம் அல்ல. பணம் வேண்டுமென்றால் அவர்கள் சிவில் வழக்குத்தான் போட வேண்டும். ஆனால் நியாயமாக எழுதிய பொண்டில் மீதி 54,000 என்றால் அது உண்மையான கடன், கட்டத்தான் வேண்டும். ஆகவே விலக நினைப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் போகாமல், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, மீதித் தொகையைக் கணக்கிட்டுக் கடிதமாக வாங்கி, கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் ரசீது எடுத்து வையுங்கள்.

பொண்ட் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். இரண்டு நாள் வீட்டுக்குக் கொண்டு போகக் கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை. தோட்டத் தலைவரிடமோ, எங்களிடமோ, நீதிமன்றங்களோடு சேர்ந்து இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்திலோ காட்டலாம். திருத்திய இடங்களில் இரு தரப்பும் சுருக்கொப்பம் இட்டு, ஒரு பிரதி கட்டாயம் உங்கள் கைக்கு வர வேண்டும்.