கொட்டாவிக்குப் பதில் ஓட்டம்

“பிள்ளைக்குத் தூக்கமே வருவதில்லை; இரவு பத்து மணிக்கும் ஓடுகிறான், கடிக்கிறான்” என்றனர் கீழவாஞ்சூர்ப் பெற்றோர். இரண்டரை வயதுச் சிறுவன். துறைமுகப் பணி முடிந்து தந்தை திரும்பும்வரை அவனை விழித்திருக்க விட்டிருந்தனர்.

அவனது நாளைக் கணக்கிட்டோம். இரவு 11 மணிக்கு உறக்கம், காலை 6.30க்கு விழிப்பு, பகலில் ஒரு மணி நேரம். மொத்தம் எட்டரை மணி. இவ்வயதில் பகலுறக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தேவை.

களைத்த பெரியவர் சோர்ந்து அமர்வார். உறங்கும் வேளை தவறிய குழந்தைக்கோ, தன்னை அடக்கிக்கொள்ளும் மூளைப்பகுதி முதலில் தளர்கிறது. விழித்திருக்கச் செய்யும் சுரப்புகளும் மிகுவதாகக் கருதப்படுகிறது. ஆகவே அவன் துள்ளுகிறான். உண்மையான அறிகுறிகள் முன்பே தோன்றியிருக்கும். இரவு எட்டு மணியளவில் அவன் கண்ணைக் கசக்கி, பொம்மையை விட்டுவிட்டு வெறித்துப் பார்த்ததைத் தாய் நினைவுகூர்ந்தார்.

உறங்கும் நேரத்தை இரண்டு இரவுகளுக்கு ஒருமுறை கால் மணி முன்னதாக்கச் சொன்னோம். கைப்பேசி ஒரு மணி நேரம் முன்பே அணைந்தது. தந்தையுடன் விளையாட்டு காலைக்கு மாறியது. ஏறத்தாழ மூன்று வாரங்களில் 8.15க்கு உறங்கினான், கடிப்பதும் குறைந்தது.

போதிய உறக்கத்திற்குப் பின்னும் துள்ளல் நீடித்தாலோ, பெரும்பாலான இரவுகளில் குறட்டையோ வாயால் மூச்சோ இருந்தாலோ, குழந்தையை அழைத்து வாருங்கள். அடினாய்டு வீக்கமும் இரும்புச்சத்துக் குறைவும் உறக்கத்தைக் கெடுக்கக்கூடும். உறங்கவைப்பதற்காகச் சளி மருந்தைப் புகட்டாதீர்கள். சில குழந்தைகளை அது மேலும் துள்ள வைக்கும்.