ஏழு நாள், ஒரு வாளி

ஹாஸ்டல் மாணவியின் முதல் வாரத்தை ஏழு கேப்ஷன்களாக எழுதச் சொன்னால், பெரும்பாலும் வருவது ஏழு தனித்தனிச் சம்பவங்கள்: ரயில், மெஸ் சாம்பார், ராகிங் பயம், அம்மாவின் போன். எல்லாமே வாசகர் ஏற்கெனவே படித்தவை. தொடராக நிற்க, ஏழு நாளும் கூடவே வரும் ஒரு பொருள் வேண்டும். ஹாஸ்டலில் அது தேடாமலே கிடைக்கும்: வாளி.

வந்த அன்றே அதை வாங்கியாக வேண்டும். எல்லாருடையதும் ஒரே நீலம் என்பதால் நெயில் பாலிஷால் பெயர் எழுதுவார்கள். காலையில் குளியலறை வாசலில் ஆளுக்குப் பதிலாக வாளிதான் வரிசையில் நிற்கும். சண்டையும் நட்பும் அந்த வரிசையில்தான் தொடங்கும்.

தென்காசியிலிருந்து சென்னைக்கு வரும் பிரியா என்று வைத்துக்கொள்வோம். முதலில் கடைசி நாளை எழுதிவிடுங்கள். முடிவு தெரிந்தால்தான் தொடக்கத்தில் எதைச் சொல்லிவைக்க வேண்டும் என்பது தெரியும்.

“நாள் 7. விடிஞ்சும் விடியாம கதவு தட்டுற சத்தம். ‘தென்காசி, எந்திரி. உன் வாளிதான் முதல்ல நிக்குது.’ நான் வைக்கவே இல்லையே!”

இதற்காக முதல் நாளில் வைக்க வேண்டியது:

“நாள் 1. எங்க மாடியில மட்டும் மூணு பிரியா. மூணு பேருக்கும் நீல வாளி. நெயில் பாலிஷ எடுத்து என் வாளியில ஊர்ப் பேர எழுதிட்டேன். ராத்திரிக்குள்ள என் பேரே மாறிப்போச்சு.”

சிரிப்பு எங்கிருந்து வர வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பேச்சுவழக்கையோ கைப்பணம் குறைவாக இருப்பதையோ கேலி செய்தால், அதே ஊரிலிருந்து வந்த வாசகி அத்துடன் விலகிவிடுவாள். ஊரில் சரியாக இருந்த அறிவு நகரத்தில் பொருந்தாமல் போகும் இடத்தைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சென்னையில் ஓடும் டீலக்ஸ் பேருந்துகளில் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

“நாள் 3. பொம்பளப் பிள்ளைக்கு டிக்கெட் எதுக்குன்னு கண்டக்டருக்கே பாடம் எடுத்தேன். பொறுமையா கேட்டுட்டுச் சொன்னாரு: ‘இது டீலக்ஸ்மா.’ ”

அவள் சொன்னது தவறில்லை, ஏறிய பேருந்துதான் வேறு. கண்டக்டரும் நல்லவராகவே இருக்கிறார். யாரையும் சிறுமைப்படுத்தாமல் சிரிப்பு வந்துவிட்டது.

நெகிழ்ச்சிக்கு ஐந்தாம் நாள். அதற்குள் எழுத வேண்டாம். ஆட்களோடு பழக நாலு நாளாவது வேண்டும்.

“நாள் 5. வாளியக் காணோம். சண்டைக்கு வசனமெல்லாம் தயார் பண்ணிட்டுத்தான் தேடப் போனேன். கடைசி ரூம் வாசல்ல இருக்கு. உள்ள, கொடியில காயப்போட்ட என் துணி. மழைக்கு முன்னாடி எடுத்து மடிச்சு வச்சிருக்கா, இன்னொரு பிரியா.”

இங்கேயே நிறுத்திவிட வேண்டும். ‘கண் கலங்கிருச்சு’ என்று ஒரு வரி சேர்த்தால், வாசகர் உணர வேண்டியதை நாமே எடுத்துக்கொள்கிறோம். மடித்த துணி போதும்.

இரண்டு, நான்கு, ஆறாம் நாட்கள் ஒற்றை வரியாகப் போகட்டும். “நாள் 2. ஆறு மணிக்கு எந்திரிச்சா எனக்கு முன்னாடி பதினோரு வாளி.” அம்மாவின் போனும் இப்படி வந்தால் புதிதாகிவிடும்: “நாள் 6. அம்மாவோட முதல் கேள்வி: ‘வாளி இருக்காட்டி?’ ”

இனி அளவு. இன்ஸ்டாகிராமில் ஒரு கேப்ஷனுக்கு 2,200 குறியீடுகள் வரை இடமுண்டு. ஆனால் ஏறக்குறைய 125 குறியீடுகளுக்குப் பிறகு உள்ளதைத் தட்டினால்தான் படிக்க முடியும். தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும்: ‘ஹாஸ்டல்’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு குறியீடு. ஆக, தட்டாமல் தெரிவது எழுபது எண்பது தமிழ் எழுத்துகள்தான். சிரிப்பும் கேள்வியும் அதற்குள் வரட்டும், நெகிழ்ச்சி கீழே இருக்கட்டும். ஐந்தாம் நாளில் ‘கடைசி ரூம் வாசல்ல இருக்கு’ வரை மேலே தெரியும். துணி அடியில்தான் வரும்.

பதிவுகள் எல்லாருக்கும் நீங்கள் இட்ட வரிசையில் போய்ச் சேர்வதில்லை. ஏழாம் நாளை முதலில் காண்பவருக்கு ‘தென்காசி’ யாரென்றே புரியாது. வெளியிடுமுன், தொடரைப் படிக்காத ஒருவரிடம் ஒவ்வொன்றையும் தனியாகக் காட்டுங்கள். அவர் ‘யாரு இது?’ என்று கேட்டால் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஏழாம் நாளுக்கு அந்த வரி இது: “வாளியில எழுதின ஊர்ப் பேர்தான் இப்ப என் பேரு.” கதவு தட்டுவதற்கு முன்னால் அதை வையுங்கள்.