நாமா, நாங்களா?

அடுக்குமாடிக் குடியிருப்பின் மின்தூக்கிக்கு அருகில் ஒட்டுவதற்காக, குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பை எழுதினார். அதைத் தமிழில் எழுதும் பொறுப்பு, நான்காம் படிவத்தில் பயிலும் அவருடைய மகளுக்கு வந்தது. அவள் இப்படி எழுதினாள்: "வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு நாங்கள் மண்டபத்தைச் சுத்தம் செய்வோம். உங்கள் வருகையை எதிர்பார்க்கிறோம்."

பாட்டி அதை வாசித்தார். "நல்லதாப் போச்சு! சங்கத்துக்காரங்களே கழுவிடுவாங்க. நாம போய்ப் பார்த்துட்டு வந்தாப் போதும்" என்றார்.

அப்பா திடுக்கிட்டார். "ஐயோ, எல்லாரும் துடைப்பத்தோட வரணும்னுதானே எழுதினேன்!"

பிழை எங்கே நேர்ந்தது? ஆங்கிலத்தில் 'வீ' என்ற ஒரே சொல்தான் உண்டு. கேட்பவரும் அதில் அடங்குவாரா என்பதை அச்சொல் காட்டாது. தமிழில் 'நாம்' என்றால் பேசுபவரோடு கேட்பவரும் சேர்வார். 'நாங்கள்' என்றால் கேட்பவர் நீங்கலாக மற்றவர்கள் மட்டுமே. நம், நமக்கு என்பவை முதல் வகை. எங்கள், எங்களுக்கு என்பவை இரண்டாம் வகை.

மலாய்மொழியிலும் இந்த வேறுபாடு உண்டு. அதனால்தான் மலாய் அறிவிப்பை எழுதவிருந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி, பேனாவை எடுக்கும் முன்பே செயலாளரிடம், "கித்தாவா, காமியா?" என்று கேட்டிருந்தார். கித்தா என்பது நாம். காமி என்பது நாங்கள். மகள் அப்படிக் கேட்கத் தவறிவிட்டாள்.

"அப்படியானால் சொல்லையே எடுத்துவிடலாமே?" என்றாள் அவள். எடுத்தாலும் பயனில்லை. நாம் செய்வோம், நாங்கள் செய்வோம் என இரண்டுக்கும் வினைமுற்று ஒன்றே. வெறுமனே 'சுத்தம் செய்வோம்' என்றால் யார் செய்வது என்ற ஐயம் அப்படியே நிற்கும்.

எனவே முதல் வாக்கியத்தை, "நாம் அனைவரும் சேர்ந்து நம் மண்டபத்தைச் சுத்தம் செய்வோம்" என்று மாற்றினாள். அதே வேகத்தில் இரண்டாம் வாக்கியத்திலும் 'நாம்' சேர்க்கப் போனபோது அப்பா தடுத்தார். வருகை 'உங்கள்' வருகை; எதிர்பார்ப்பது சங்கம். கேட்பவர் எதிரே நிற்கும்போது அவரை 'நாம்' என்பதற்குள் அடக்க முடியாது. "உங்கள் வருகையை நாங்கள் எதிர்பார்க்கிறோம்" என்பதே சரி.

இப்போது ஆங்கில அறிவிப்பைத் திருத்தும் முறை அப்பாவுக்கு வந்தது. அதில் இரண்டு இடத்திலும் 'வீ' என்றே இருந்தது. முதல் இடத்தில் 'குடியிருப்பாளர்களாகிய அனைவரும்' என்ற பொருளும், இரண்டாம் இடத்தில் 'சங்கச் செயலவையினர்' என்ற பொருளும் வருமாறு ஆங்கிலச் சொற்களைக் கூட்டி எழுதினார். வாக்கியங்கள் சற்று நீண்டுவிட்டன. பாட்டி மட்டும், "அப்போ ஞாயித்துக்கிழமை எனக்கும் வேலை இருக்கு" என்று சொல்லிக்கொண்டே துடைப்பத்தைத் தேடப் போனார்.