அமுக்கரா சாப்பிட்டால் தூக்கம் வருமா? வாங்குபவருக்கு என்ன சொல்வது?

அமுக்கராக் கிழங்கை காயவைத்துப் பொடியாக்கி விற்கும் நண்பர்களிடம் வாங்குபவர்கள் இப்போது கேட்பது, "இது டென்ஷன் குறைக்குமாமே, தூக்கம் வருமாமே?" என்பதுதான். பதில் சொல்லுமுன் ஆய்வுகள் எதைச் சோதித்தன என்று பார்த்துவிடுவோம்.

2012-ல் வெளியான ஐதராபாத் ஆய்வைத்தான் பலரும் காட்டுகிறார்கள். மன அழுத்தம் உள்ள 64 பேரில் பாதிப்பேருக்கு அமுக்கரா வேரின் அடர்சாறு 300 மி.கி., தினம் இரண்டு வேளை, 60 நாள். மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. கேள்வித்தாள் மதிப்பெண்படி அழுத்தம் முதல் பிரிவில் 44 சதவீதமும், வெற்று மாத்திரைப் பிரிவில் 5.5 சதவீதமும் குறைந்தது. நல்ல முடிவுதான். ஆனால் ஆட்கள் குறைவு, காலமும் இரண்டே மாதம்.

தூக்கத்துக்கு, 5 ஆய்வுகளில் 400 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று 2021-ல் வந்தது. பலன் உண்டு, ஆனால் சிறியது. தூக்கமின்மை உள்ளவர்களுக்கும், தினம் 600 மி.கி. அளவில் 8 வாரமாவது எடுத்தவர்களுக்கும் அது கொஞ்சம் கூடுதல். ஆக, முதல் நாளே தூக்கம் வரும் என்று சொல்ல ஆதாரமில்லை. வருஷக்கணக்கில் சாப்பிட்டால் என்னாகும் என்பதையும் இந்த ஆய்வுகள் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்கணும். அவர்கள் கொடுத்தது அளவு பார்த்துத் தயாரித்த அடர்சாறு, நாம் விற்பது பொடி. அடர்சாற்றில் வித்தனோலைடு என்ற சத்து 5 சதவீதம் என்றால், 600 மி.கி.யில் 30 மி.கி. இருக்கும். நம் பொடியில் அரை சதவீதம் என்று வைத்தால், 3 கிராமில் 15 மி.கி.தான். அந்த அரை சதவீதமும் ரகம், மண், அறுவடை வயசைப் பொறுத்து மாறும். அதனால் அந்த ஆய்வு முடிவை நம் பாக்கெட்டில் அச்சடிப்பது சரியில்லை.

யாருக்குக் கொடுக்கக் கூடாது? உதாரணமாக, தைராய்டு குறைவுக்குத் தினம் மாத்திரை எடுக்கும் ஒரு அம்மா தூக்கத்துக்காகக் கேட்கிறார். அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மிஞ்சி, படபடப்பும் கை நடுக்கமும் வரலாம், இருக்கிற தூக்கமும் போகலாம். "டாக்டரைக் கேட்டுட்டு வாங்கம்மா" என்பதே சரியான பதில்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்கணும். கல்லீரல் நோய், ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய், முடக்குவாதம் போன்ற எதிர்ப்புசக்திக் கோளாறு உள்ளவர்களும் அப்படியே. சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், வலிப்பு ஆகியவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் வந்திருக்கிறது. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் பதிவான 5 பேருக்கு, சாப்பிடத் தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள் மஞ்சள் காமாலை கண்டது. நிறுத்தியபின் அவர்களில் 4 பேருக்குச் சில மாதங்களில் சரியானது. கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, உடம்பு அரிப்பு இதில் எது தெரிந்தாலும் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

பாக்கெட்டில் தாவரப் பெயர், "வேர் மட்டும்", அறுவடை மாதம், யார் தவிர்க்கணும் என்ற வரி, இந்த நான்கும் இருக்கட்டும். இலையைப் பொடியில் கலக்காதீர்கள். அதிலுள்ள சத்துக்களின் அளவு வேறு, இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வேரைத்தான் சோதித்தன.