மணியம் செல்வன் போலவே வேண்டுமாம்!

கேள்வி: தி.நகர் புடவைக் கடை ஒன்று, காலண்டருக்கு ‘மணியம் செல்வன் பாணியிலேயே’ ஆறு படங்கள் கேட்கிறது. வாடிக்கையாளரை இழக்காமல் எப்படி மறுப்பது?
– ஓவியர், மயிலாப்பூர்

பதில்: 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் வரைந்த படத்தைத்தான் காக்கிறது, பாணிக்கு உரிமை கிடையாது. ஆனால் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் சொன்னது: இரண்டு படைப்புகளையும் பார்ப்பவருக்கு ஒன்று மற்றதன் நகல் என்று ஐயமின்றித் தோன்றினால் அது உரிமை மீறல். ‘போலவே’ வரையும்போது மணியம் செல்வனின் ஏதோ ஒரு படத்தின் நிற்கும் கோணமும் நகையமைப்பும் உங்களை அறியாமல் வந்துவிடும். தவிர, அவர் இன்றும் வரைகிறவர். அவரே வரைந்தது என்று வாங்குவோர் நம்புவார்கள்.

இப்படி எழுதலாம்:

“ஐயா, என்னை அழைத்ததற்கு நன்றி. மணியம் செல்வன் பாணியில் என்னால் வரைய இயலாது. அவர் படமே வேண்டுமென்றால் அவரையே அணுகுவதுதான் முறை. அவர் படங்களில் உங்களுக்குப் பிடித்தது கண்களா, நகையா, புடவை மடிப்பா என்று சொல்லுங்கள். கோயில் சிற்பங்களையும், 1906-இல் மறைந்த ரவிவர்மாவின் ஓவியங்களையும் பார்த்து, என் கைவண்ணத்தில் இரண்டு மாதிரிக் கோட்டோவியங்கள் தருகிறேன். பிடித்தால் மேலே பேசலாம்.”

“முயன்று பார்க்கிறேன்” என்று மட்டும் எழுதாதீர்கள். அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்வார்கள்.